1 × 5 வெறும் 5தானா? ரிஸ்க் ரிஜிஸ்டரில் ஒரு சண்டை

புதுவரவு:
பழைய சர்வரில் இருந்து புதியதற்குத் தரவை மாற்றும் ஆறு மாதத் திட்டம். என்னென்ன தவறாகப் போகலாம் என்று பட்டியலிடும் ரிஸ்க் ரிஜிஸ்டரை என் தலையில் கட்டிவிட்டார்கள். வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கினால் மதிப்பெண். அதன்படி அடுக்கினால் பேக்கப்பை மீட்க முடியாமல் போவது கடைசிக்குப் போகிறது, பயிற்சி அறை அதற்கு மேலே நிற்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

| ரிஸ்க் | வாய்ப்பு | பாதிப்பு | மதிப்பெண் | பொறுப்பு | நடவடிக்கை |
|---|---|---|---|---|---|
| தரவில் இரட்டைப் பதிவுகள் | 4 | 3 | 12 | குழு | சரிபார்ப்போம் |
| பயிற்சி அறை கிடைக்காது | 5 | 2 | 10 | நிர்வாகம் | கண்காணிப்போம் |
| மாற்றும் கருவி தாமதமாக வரும் | 3 | 3 | 9 | கொள்முதல் | தொடர்ந்து பேசுவோம் |
| தரவுத்தள ஆள் விலகிவிடுவார் | 2 | 4 | 8 | மேலாளர் | கண்காணிப்போம் |
| பேக்கப்பை மீட்க முடியாது | 1 | 5 | 5 | குழு | கவனமாக இருப்போம் |

கட்டம்போட்டவன்:
தப்பே இல்லை, எல்லாரும் இப்படித்தான் பெருக்குகிறார்கள். பேக்கப் மேலே வர வேண்டும் என்று மனசு சொன்னால் அதன் வாய்ப்பை 3 ஆக்கிவிடுங்கள், 15 வந்து முதலிடத்துக்குப் போய்விடும். நான் பல திட்டங்களில் இதைத்தான் செய்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை.

ராத்திரிஷிப்ட்:
யாரும் கேட்காததுதான் பிரச்சினை. விடையை முதலில் முடிவு செய்துவிட்டு எண்ணை வளைப்பதற்கு ரிஜிஸ்டரே வேண்டாமே.

புதுவரவு, உங்கள் பெருக்கல் சரி, ஆனால் பெருக்கப்படுகிற எண்கள் அளவுகள் அல்ல, வெறும் வரிசை எண்கள். பாதிப்பு 4 என்பது பாதிப்பு 2ஐப் போல இரண்டு மடங்கு என்று யாரும் அளந்து போடவில்லை. நாட்களாக மாற்றிப் பாருங்கள், தெரியும். அறை கிடைக்காவிட்டால் எவ்வளவு நஷ்டம், இரண்டு நாளா? வாய்ப்பு 80 சதவீதம் என்று வையுங்கள், சராசரி 1.6 நாள். பேக்கப் மீளாவிட்டால் தரவை மறுபடி உருவாக்க 60 நாள் என்று வையுங்கள், வாய்ப்பு 5 சதவீதம்தான், ஆனாலும் சராசரி 3 நாள். நாட்களில் கணக்குப் போட்டால் வரிசை தலைகீழாகிறது, மதிப்பெண்ணில் 10க்கு 5 என்று அறை ஜெயிக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, 2008இலேயே காக்ஸ் என்பவர் இந்த வாய்ப்பு-பாதிப்புக் கட்டங்கள் எங்கெங்கே தவறான வரிசையைத் தரும் என்று கணக்காகவே எழுதிக் காட்டிவிட்டார்.

இன்னொன்று. அந்த 3 நாள் என்பது ஒருபோதும் நடக்காத எண். நடந்தால் 60, இல்லாவிட்டால் 0. அதனால் சராசரியையும் நான் முழுசாக நம்ப மாட்டேன். பாதிப்பு 5 போட்ட எதையும், மதிப்பெண் என்னவாக இருந்தாலும், தனியாக மேலே எடுத்து வைத்துப் பேசிவிடுவேன்.

இரட்டிப்பு:
அவ்வளவு சுற்ற வேண்டாம். பாதிப்பு ஒவ்வொரு படிக்கும் இரட்டிக்கட்டும், 1, 2, 4, 8, 16 என்று. பிஎம்பாக் என்ற திட்ட மேலாண்மைக் கையேட்டின் பழைய பதிப்புகளிலேயே பாதிப்பு 0.05, 0.10, 0.20, 0.40, 0.80 என்றுதான் இருந்தது. வாய்ப்பு C, பாதிப்பு D என்றால்:

```
=C2*2^(D2-1)
```

பேக்கப் 16, அறை 10. முடிந்தது கதை.

ராத்திரிஷிப்ட்:
எல்லா வரிக்கும் போட்டுப் பார்த்தீர்களா? இரட்டைப் பதிவு 4 × 4 = 16, ஆள் விலகல் 2 × 8 = 16, பேக்கப் 1 × 16 = 16. மூன்றும் சமம். இப்போது எதை முதலில் பார்ப்பது? ஏன் இரட்டிக்க வேண்டும், மும்மடங்கு ஏன் கூடாது என்று கேட்டால் உங்களிடம் என்ன பதில்? பழையதை விடப் பரவாயில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதுவும் வளைத்த எண்தான், எல்லா வரிக்கும் ஒரே மாதிரி வளைத்தது, அவ்வளவே.

இரட்டிப்பு:
எல்லா வரிக்கும் ஒரே மாதிரி வளைத்தால் அதற்குப் பெயர் விதி, ஏமாற்று இல்லை சார். மூன்றும் சமமாக வந்தால் மூன்றையும் பாருங்கள், அறையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்கு அது எவ்வளவோ மேல்.

சோதனைமேசை:
எங்களுக்கும் இதே கதிதான். பழைய மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்பதை வாய்ப்பு 5, பாதிப்பு 5 என்று போட்டோம், 25 வந்தது, வாராவாரம் முதல் வரி அதுதான், ஒன்றும் நகரவில்லை. இதற்கு எந்தச் சூத்திரம் நல்லது?

ராத்திரிஷிப்ட்:
அது ரிஸ்க்கே இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பிரச்சினைப் பட்டியலில் போட்டு, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று எழுதுங்கள். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதற்கு மட்டும்தான் இந்த அட்டவணை.

பெயர்மட்டும்:
எல்லாரும் எண்ணிலேயே நிற்கிறீர்கள், அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளைப் பாருங்கள், பொறுப்பும் நடவடிக்கையும். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ரிஸ்க்குக்கு என் பெயரைப் பொறுப்பாளர் என்று போட்டிருந்தார்கள், அது எனக்கே தெரியாது. கருவி மூன்று வாரம் தாமதமான பிறகு கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இங்கே "குழு" என்றே போட்டிருக்கிறது, அதாவது யாரும் இல்லை. ஒரு ஆள் பெயர் வேண்டும், அந்த ஆள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

கட்டம்போட்டவன்:
சின்னத் திட்டத்தில் இருப்பதே நாலு பேர், எல்லாருக்கும் எல்லாம் தெரியும். குழு என்றால் என்ன தப்பு?

பெயர்மட்டும்:
நாலு பேரும் மற்ற மூன்று பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பார்கள், அதுதான் தப்பு.

ராத்திரிஷிப்ட்:
நடவடிக்கைப் பத்தியில் நான் ஒரே கேள்விதான் கேட்பேன், இது எந்த எண்ணைக் குறைக்கிறது? "கவனமாக இருப்போம்" வாய்ப்பையும் குறைக்காது, பாதிப்பையும் குறைக்காது. மாற்றும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே வேறொரு சர்வரில் பேக்கப்பை முழுசாக மீட்டுப் பாருங்கள், பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று எண்ணுங்கள், அது வாய்ப்பைக் குறைக்கும். மாற்றிய பிறகும் பழைய சர்வரை அழிக்காமல் ஒரு மாதம் வைத்திருந்தால் பாதிப்பு குறையும். இரண்டும் வேறு வேறு வேலை, செலவும் வேறு.

அந்த ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் இரவு எட்டு மணி நேரம், மீட்க ஒன்பது ஆகிறது என்றால், வாய்ப்பு 1 என்று போட்டது வெறும் நம்பிக்கை என்று அன்றே தெரிந்துவிடும்.

புதுவரவு:
எங்கள் பேக்கப்பை இதுவரை யாரும் மீட்டுப் பார்த்ததில்லை என்று இன்றுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம் வாய்ப்பு 1 எங்கிருந்து வந்தது என்றால், போன திட்டத்து ரிஜிஸ்டரில் இருந்து அப்படியே காப்பி. இப்போதைக்கு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: வாய்ப்பு "தெரியாது, ஒத்திகைக்குப் பிறகு", பாதிப்பு 5, பொறுப்பு தரவுத்தள ஆள் (கேட்டேன், ஒப்புக்கொண்டார்), நடவடிக்கை மூன்று வாரம் முன்பு முழு மீட்பு ஒத்திகை, பழைய சர்வர் 30 நாள் அப்படியே இருக்கும்.

ஒரு சிக்கல். விலகிவிடலாம் என்று நாலாவது வரியில் எழுதியிருப்பதும் அதே ஆள்தான். அவர் போனால் இந்த வரிக்கும் ஆள் இல்லை.

கட்டம்போட்டவன்:
வாய்ப்பில் "தெரியாது" என்று போட்டால் மதிப்பெண் வராது, மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டத்துக்குப் போடும் நிறமும் வராது. மேலாளர் கேட்டால்?

இரட்டிப்பு:
தெரியாததற்கு 5 போடுங்கள், தெரிந்த பிறகு குறையுங்கள்.

ராத்திரிஷிப்ட்:
நான் காலியாகவே விடுவேன். சிவப்புக் கட்டத்தைப் பார்த்துப் பழகிய மேலாளர், காலிக் கட்டத்தைப் பார்த்தால் நிச்சயம் கேட்பார்.