செய்யாவிட்டால் உரிமை போகும், ஆனால் கடமையும் அல்ல: இதற்கு என்ன சொல்?

செல்வி:

வணக்கம். ஒப்பந்த ஷரத்துகளைப் பிரித்து, யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்று எண்ணிட்ட சரிபார்ப்புப் பட்டியலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ‘கடப்பாடு’, ‘உரிமை’ என்று ஒரு அடையாளம் போடுகிறேன். ஒரு வகை வரி மட்டும் இரண்டிலும் அடங்க மறுக்கிறது. ஷரத்து இதுதான்:

“பொருளைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 10 நாட்களுக்குள் வாங்குபவர் குறையை எழுத்து மூலம் அறிவித்தால், விற்பவர் 30 நாட்களுக்குள் அதைக் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். அவ்வாறு அறிவிக்கத் தவறினால் பொருள் குறையின்றி ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.”

பட்டியலில் இப்படி எழுதினேன்:

1. வாங்குபவர் 10 நாட்களுக்குள் குறையை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.
2. விற்பவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

முதல் வரி உறுத்துகிறது. வாங்குபவர் அறிவிக்காமல் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகிவிடுவாரா? மூலத்தில் அப்படி எதுவும் இல்லையே. இந்த வகை வரிக்கு மேலே போட ஒரு சின்னச் சொல் வேண்டும்.

முருகேசன்:

மூலத்தில் ‘அறிவித்தால்’ என்றுதானே இருக்கிறது? அப்படியானால் அது நிபந்தனை. ‘நிபந்தனை’ என்ற சொல் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். புதுச்சொல் எதற்கு?

எழிலரசி:

முருகேசன் ஐயா சொல்வதில் பாதி சரி. இலக்கண வடிவில் அது நிபந்தனைதான். ஆனால் ‘கனமழை பெய்தால்’, ‘உரிமம் கிடைத்தால்’ என்பவையும் நிபந்தனைகளே. அவற்றைப் பட்டியலில் யாரும் டிக் செய்ய முடியாது, நடக்கும்போது நடக்கும். செல்வி கேட்பது, நிபந்தனை நிறைவேறுவது ஒருவர் கையில் இருக்கிறது, நிறைவேறாவிட்டால் நட்டம் அவருக்கே என்கிற தனி வகை. இரண்டையும் ஒரே பெயரில் போட்டால், படிப்பவருக்குத் தான் கைவைத்துச் செய்ய வேண்டியது எது என்று தெரியாது.

நான் ஒப்பந்தங்களைப் படிக்கும்போது வைக்கும் சோதனை ஒன்றுதான்: இதைச் செய்யாமல் விட்டால் எதிர்த்தரப்பு இழப்பீடு கேட்க முடியுமா? முடியும் என்றால் கடப்பாடு. முடியாது, ஆனால் என் உரிமை ஒன்று போய்விடும் என்றால் அது வேறு. மேலே உள்ள ஷரத்தில், வாங்குபவர் வாய்மூடி இருந்தால் விற்பவருக்கு எந்த நட்டமும் இல்லை. அவர் எதற்காக வழக்குப் போடுவார்?

இந்த வகை புதிதல்ல. ஜெர்மன் சட்டத்தில் இதற்கென்றே ‘ஒப்லீகன்ஹைட்’ என்று ஒரு சொல் உண்டு, காப்பீட்டு ஒப்பந்தங்களில் அடிக்கடி வரும். 1980-இல் வியன்னாவில் உருவான பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கையின் 39-ஆவது பிரிவும் இதே அமைப்புதான். நியாயமான காலத்துக்குள் குறையை அறிவிக்காத வாங்குபவர், அந்தக் குறையைக் காட்டி எதையும் கோரும் உரிமையை இழக்கிறார். அறிவிக்கத் தவறியதற்காக அவர் விற்பவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அது சொல்லவில்லை.

குமரன்:

ஒப்பந்தத்தைத் தமிழாக்கம் செய்வது பற்றியா பேச்சு? அப்படியானால் என் வழக்கையும் கேளுங்கள். ஒரு பராமரிப்பு ஒப்பந்தம், ஓராண்டுக்கு. “முடிவு நாளுக்கு 60 நாட்களுக்கு முன் எந்தத் தரப்பும் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் மேலும் ஓராண்டுக்குத் தானாக நீடிக்கும்” என்று இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் போட்டுத் தந்த கடமைப் பட்டியலில் இந்த வரியே இல்லை. கேட்டால், “அதில் ‘வேண்டும்’ என்ற சொல்லே இல்லையே, யாருக்கும் கடமை இல்லையே” என்றார். தேவையில்லாத ஒரு ஆண்டுக்குப் பணம் கட்டினோம்.

செல்வி:

தமிழாக்கம் பற்றி இல்லை குமரன் அண்ணா, ஆனால் நீங்கள் சொன்னது நேராக இதே இடத்தைத்தான் தொடுகிறது. ‘வேண்டும்’ என்ற சொல்லைத் தேடிப் பட்டியல் போட்டால் இந்த வகை முழுதாக விழுந்துவிடும். விழாமல் பிடிக்கப் போனால் என் முதல் வரி மாதிரி இல்லாத கடமையாக மாறிவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘உரிமைக்காப்பு’ எப்படி?

முருகேசன்:

வேண்டாம். ‘காப்புரிமை’ என்று வேறு ஒரு சொல் நன்றாகப் பரவியிருக்கிறது. வேகமாகப் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். தனி வகை தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ‘தற்பொறுப்பு’ என்று வைக்கலாமா? தன் பொருட்டுத் தானே ஏற்கும் பொறுப்பு.

எழிலரசி:

பொருள் அழகாக வருகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ‘பொறுப்பு’ என்றாலே மற்றவருக்குப் பதில் சொல்ல வேண்டியது என்றுதான் படிப்பார்கள். எதை விலக்கப் பார்க்கிறோமோ அதுவே உள்ளே வந்துவிடுகிறது. போதாததற்கு, தற்காலிகப் பொறுப்பு என்றும் தோன்றும்.

‘தக்கவைப்பு’ என்று யோசித்தேன். உரிமையைத் தக்கவைத்துக்கொள்வதற்கான செயல். பேச்சிலும் இருக்கிற சொல், கடமை வாடை இல்லை. ‘எதைத் தக்கவைக்க?’ என்ற கேள்வி தானாக எழும். எழுதுபவர் அதற்கு அந்த வரியிலேயே பதில் எழுதியாக வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செல்வியின் பட்டியல் இப்படி ஆகும்:

1. தக்கவைப்பு (வாங்குபவர்): கட்டணமின்றிச் சரிசெய்துகொள்ளும் உரிமை வேண்டுமானால், பொருளைப் பெற்ற நாளிலிருந்து 10 நாட்களுக்குள் குறையை எழுத்தில் அறிவிக்கவும். தவறினால் பொருள் குறையின்றி ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.
2. கடப்பாடு (விற்பவர்): வரி 1-இன்படி அறிவிப்பு தரப்பட்டிருந்தால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். [30 நாள் எப்போது தொடங்குகிறது என்று ஷரத்தில் இல்லை.]

இரண்டாம் வரியின் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். அறிவிப்பு அனுப்பிய நாளா, விற்பவர் கைக்குக் கிடைத்த நாளா, பொருளைப் பெற்ற நாளா, மூலம் சொல்லவில்லை. ‘கிடைத்த நாளிலிருந்து’ என்று நாமே நிரப்பினால் படிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் அது புது ஷரத்து. பட்டியல் போடுபவருக்கு அந்த அதிகாரம் இல்லை. குறித்துவைத்து, ஒப்பந்தம் எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.

செல்வி:

‘தக்கவைப்பு’ பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். குத்தகை ஒப்பந்தங்களில் “நீர்க்கசிவு கண்டால் குத்தகைதாரர் உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதனால் அவருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடு கோர முடியாது” என்று வருகிறதே. இது எந்தப் பக்கம்?

எழிலரசி:

இரண்டு பக்கமும். ‘தெரிவிக்க வேண்டும்’ என்பதால், சொல்லாமல் விட்டுக் கட்டடம் கெட்டால் உரிமையாளர் இழப்பீடு கேட்கலாம். குத்தகைதாரரின் கோரிக்கையும் போகிறது. ஒரே செயலுக்கு இரண்டு வரி எழுதி, இரண்டு அடையாளமும் போடுங்கள். ஒரே வரியாகச் சுருக்கினால் இரண்டில் ஒரு விளைவு காணாமல் போகும்.

முருகேசன்:

இன்னொரு இடம் இடிக்கிறது. “முடிவு நாளுக்கு 90 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவித்தால், வாடிக்கையாளர் மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளலாம்.” இங்கே நீட்டிப்பு இன்னும் அவர் கையில் இல்லை. இல்லாததை எப்படித் தக்கவைப்பது?

எழிலரசி:

நீட்டிக்கும் விருப்ப உரிமை ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே அவரிடம் இருக்கிறது, கெடுவுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது போகிறது என்று வாதிடலாம். ஆனால் அந்த அறிவிப்பு உரிமையைக் காப்பாற்றவில்லை, பயன்படுத்துகிறது. இந்த வேறுபாடு எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது.

குமரன்:

என் 60 நாள் மறுப்பும் அப்படித்தானே? அது எதையும் தக்கவைக்கவில்லை, தடுக்கிறது. ‘கெடுச்செயல்’ என்று வைத்தால் மூன்றும் அடங்காதா?

செல்வி:

கெடு கடப்பாட்டுக்கும் உண்டே அண்ணா, விற்பவரின் 30 நாளும் கெடுதான். இப்போதைக்குக் குறை அறிவிப்புக்கும் காப்பீட்டு அறிவிப்புக்கும் ‘தக்கவைப்பு’ போடுகிறேன். நீட்டிப்பு, மறுப்பு இரண்டையும் ‘விருப்பம், கெடுவுடன்’ என்று தனியாக வைக்கிறேன். அவற்றுக்கு ஒரே சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.