பிளான் வரையும் முன் போடுகிற ரூம் லிஸ்ட்: உங்களுக்கு நடந்தது?

மதுரை மனை
முப்பதுக்கு நாற்பது மனை. சுற்றிலும் விட வேண்டியதை விட்டால் தரைத்தளத்தில் சுமார் 750 சதுர அடிதான் கட்டலாம். அந்தக் குடும்பம் ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கொண்டுவந்தது: பெரிய ஹால், தனி டைனிங், பெரிய சமையலறை, அம்மாவுக்குக் கீழேயே அட்டாச்டு ரூம், பூஜை ரூம், கார் நிறுத்த இடம். பென்சிலைத் தொடாமல் ஒவ்வொன்றுக்கும் ஏரியா போட்டேன். ஹால் 224, டைனிங் 100, சமையலறை 120, அம்மா ரூம் 132, பாத்ரூம் 40, பூஜை 25, படிக்கட்டு 98. ஆக 739. ஆகா, அடங்கிவிட்டதே என்று வீட்டுக்காரர் சிரித்தார். சுவருக்கும் நடைக்கும் இருபது சதவீதம் சேர்த்து, காருக்கு 160-உம் சேர்த்ததும் 1047.

யாரும் பேசவில்லை. இன்னும் கார் வாங்கவில்லை என்று மனைவிதான் ஆரம்பித்தார். இரண்டு பைக்குக்கு 50 போதும் என்றாயிற்று. ஹாலும் டைனிங்கும் ஒன்றாகி 216. சமையலறை 80-க்கு இறங்க ஒரு சின்னச் சண்டை நடந்தது. கடைசியில் 760 பக்கம் வந்து நின்றது, அந்தப் பத்தை வரையும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் எது எதன் பக்கத்தில் என்று கட்டம் போட்டு வாசித்தேன். பூஜை ரூமும் பாத்ரூமும் ஒரே சுவரைப் பங்கு போடக் கூடாது என்றதும் அந்த அம்மா, "சரி தம்பி, பூஜை ரூமுக்கு மேலே மாடியில என்ன வருது?" என்றார். மாடி லிஸ்ட்டில் மகனுக்கு அட்டாச்டு பாத்ரூம் இருந்தது. பக்கத்தில் எது என்று கேட்கிற கட்டத்தில் தலைக்கு மேலே எது என்பதற்கு இடமே இல்லை. அன்றைக்கே ஒரு பத்தி கூட்டினேன்: "மேலே வரக் கூடாதது". மாடி பாத்ரூமை அம்மா பாத்ரூமுக்கு நேர் மேலே வைப்பது என்று முடிவானது, பைப்பும் ஒரே ஷாஃப்ட்டில் இறங்கிவிடும். கோடு ஒன்றுகூட விழாததால் அழிக்க எதுவும் இல்லை.

சைட்டுக்காரன்
இவ்வளவு கணக்கு எதற்கு? மொத்தத்தோடு முப்பது சதவீதம் கூட்டினால் எல்லாம் அடங்கும். நான் எப்போதும் அப்படித்தான்.

டி ஸ்கொயர்
வீட்டுக்குச் சரி. காரிடார் உள்ள கட்டடத்தில் முப்பது பத்தாது, நாற்பதையும் தாண்டும். கார் நிற்கிற இடத்துக்கும் சேர்த்து முப்பது போடுவீர்களா? அதற்கு நடையும் கிடையாது, நாலு பக்கச் சுவரும் கிடையாது.

என் கதை ஒரு மகப்பேறு கிளினிக். டாக்டர் தந்த லிஸ்ட்டில் கன்சல்டிங், ஸ்கேன் ரூம், காத்திருப்பு, நோயாளிகளுக்கு ஒரு டாய்லெட். டாய்லெட்டைக் காத்திருப்புப் பக்கம் கடைசி மூலைக்குத் தள்ளலாம் என்று அவரே சொன்னார், நாற்றம் வராதாம். ஃபைல் எடுக்க வந்த ஸ்கேன் ரூம் உதவியாளர் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தண்ணீர் குடிச்சு அடக்கிட்டுத்தான் ஸ்கேனுக்கே வருவாங்க. முடிஞ்ச உடனே எங்க ஓடுவாங்க? அதுவும் ஜெல்லோட?" என்றார். ஸ்கேன் ரூமை ஒட்டியே ஒன்று என்று லிஸ்ட்டில் ஏறியது, 30 சதுர அடி. அதற்காக டாக்டரின் ஓய்வறை சுருங்கியது, அவர் முகமும்தான். லிஸ்ட் தருகிறவர் வேறு, அந்த அறையில் நாள் முழுக்க நிற்கிறவர் வேறு.

வீடு கட்டும் ஆசை
எல்லாரும் அளவு பேசுகிறீர்கள், சதுர அடிக்கு என்ன ரேட் என்று யாரும் சொல்லவில்லையே! எங்கள் வீட்டில் தென்கிழக்கு மூலையில் சமையலறை என்று முடிவான பிறகு மற்றதெல்லாம் தானாக அமைந்தது, கட்டமெல்லாம் போடவில்லை. ஒரே குறை, சமையலறையிலிருந்து துணி காயப்போடுகிற இடத்துக்கு ஹால் வழியாகத்தான் ஈரத்துணி வாளியோடு போக வேண்டும், விருந்தாளி இருந்தாலும். என் யோசனை: முதலில் வாஸ்து பாருங்கள், அப்புறம் கிணறா போரா என்று முடிவு செய்யுங்கள், ஜன்னலுக்குத் தேக்கு வேண்டாம், யு.பி.வி.சி. போடுங்கள், கொசுவலையைச் சேர்த்தே வாங்குங்கள், டைல்ஸை ஒரே லாட்டில் எடுங்கள், நாலு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள்.

டி ஸ்கொயர்
அந்த ஈரத்துணி வாளிக்குத்தான் ஐயா கட்டம் போடுவது.

சைட்டுக்காரன்
கார் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் க்ளையன்ட்டிடம் 1047 என்று காட்டினால் பாதிப் பேர் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். அவன் எல்லாம் அடங்கும் என்று வரைந்து கொடுப்பான்.

மதுரை மனை
போனவர்களும் உண்டு. இன்னொன்று கேட்க வேண்டும்: படிக்கட்டை இரண்டு தளத்திலும் எண்ணுகிறீர்களா, கீழே மட்டுமா? நான் இரண்டிலும் எண்ணுகிறேன், மாடியில் அந்த இடத்தில் தரை போட முடியாதே. என்னோடு வேலை செய்கிறவர் ஒரு தடவைதான் என்கிறார்.