பெயரை எடுத்த பிறகும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்

வைகைக்கரை:
உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பயிரிடுவோரிடம் எடுத்த நேர்காணல்களைத் தரவுக் காப்பகத்துக்கு அனுப்பும் முன், அந்த ஊர்ப்பக்கத்து நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். பெயர், ஊர் எல்லாம் நீக்கியிருந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே, "இது அந்த வேன் ஓட்டும் அம்மாதானே?" என்றார். கணவரை மாடு முட்டியது, அதன்பின் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குத் தானே வேன் ஓட்டிப் பூக் கொண்டுபோவது: இரண்டும் சேர்ந்தால் ஒரே ஆள்தான். (இங்கும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) எடையில் ஏமாற்றும் வியாபாரியைப் பற்றியும் அந்த அம்மா பேசியிருந்தார். நாளை அதே வியாபாரியிடம்தான் அவர் பூவை விற்க வேண்டும். மாடு முட்டியதை 'விபத்து' என்று மாற்றிவிட்டேன். வேனைத் தொட மனம் வரவில்லை. வண்டி தன் கையில் இருப்பதால்தான் விலை படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போக முடிகிறது என்கிறார். அதை எடுத்தால் பேச்சே பொருளற்றுப் போகிறது.

மேலூரான்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம். நாங்கள் எல்லாப் பெயரையும் கணினியில் தேடி ஒரே மூச்சில் மாற்றினோம். அரை மணி நேர வேலை.

தட்டச்சர்:
மேலூரான் சொல்வதை நானும் செய்து பட்டிருக்கிறேன். 'செல்வம்' போன்ற ஒரு பெயரைச் 'சண்முகம்' என்று மாற்றினேன். ஒரு பாட்டி சொன்ன 'பிள்ளைச் செல்வம்', 'பிள்ளைச் சண்முகம்' ஆகிவிட்டது. 'செல்வத்திடம்', 'செல்வத்தை' எல்லாம் தேடலில் சிக்காமல் அப்படியே கிடந்தன. 'செல்வ' என்று மட்டும் தேடினால் செல்வியும் செல்வாக்கும் வந்து நிற்கும். ஆகவே தேடிய பின்பும் வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். மாற்றுப் பெயரும் அதே ஈற்றில் முடியட்டும். வேற்றுமை உருபுகள் பிசகாது. ஒருவருக்கு எல்லாக் கோப்புகளிலும் ஒரே மாற்றுப் பெயர் இருந்தால்தான் அவர் யாருக்கு மைத்துனர் என்பது புரியும். மாற்றிய இடத்தைச் சதுர அடைப்பில் காட்டுங்கள். உண்மைப் பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். கோப்பின் பெயரையும் பாருங்கள்; நான் ஒருமுறை அதில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன்.

சுங்குடி:
எங்கள் அத்தை பல காலம் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். பேட்டி கொடுத்தார். வெளியான பக்கத்தில் 'ஒரு பெண் தொழிலாளி' என்று இருந்தது. படித்துக் காட்டியதும், "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். பெயர் போட வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

மேலூரான்:
ஒருவர் பெயரைப் போட்டால் அவர் பேச்சில் வரும் மற்றவர்களும் தெரிந்துவிடுவார்களே. அத்தை சம்மதித்தால் போதுமா?

தட்டச்சர்:
போதாது. மற்றவர்களைப் பற்றிய வரிகளையாவது மறைக்க வேண்டும். வைகைக்கரை, வேனை மாற்றாதீர்கள். அந்த ஒரு பேட்டியை மட்டும், அனுமதி கேட்டு வரும் ஆய்வாளர்களுக்கே தரும்படி காப்பகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை:
கேட்கிறேன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடமே போய், வேன் வரும் பக்கத்தைப் படித்துக் காட்டப் போகிறேன்.