மாதாந்த முறைப்பாட்டு அறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

கோமதி, ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். டிஷ் தொலைக்காட்சிச் சேவை ஒன்றின் தமிழ் அழைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் நான்கு பேர். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் யார், எங்கிருந்து, என்ன பிரச்சினை, என்ன சொன்னோம் என்று இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைக்கிறோம். இதை ‘அழைப்புச் சுருக்கம்’ என்கிறோம். அதில் சிக்கல் இல்லை.

மாத முடிவில் இந்தச் சுருக்கங்களை எல்லாம் சேர்த்து, வாடிக்கையாளருக்குத் திரும்பத் திரும்ப வரும் பிரச்சினைகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை தடவை வந்தது என்று ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். தலைமை அலுவலகத்தில் இதை ‘ரோல் அப்’ என்கிறார்கள். தமிழில் எழுதும்போது ‘சுருக்கங்களின் சுருக்கம்’ என்று போட்டேன். மேலதிகாரி சிரித்துவிட்டார். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. காசு கட்டி ரீலோட் செய்தும் அலைவரிசை திறக்கவில்லை என்று ஜூன் மாதம் முழுவதும் என் காதாலேயே கேட்டேன். ஜூன் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இராஜரத்தினம், பண்டாரவளை

கோமதி பிள்ளைக்கு, சொல் ஏற்கெனவே இருக்கிறது. எது எத்தனை தடவை என்பதற்கு நம் பாடசாலைப் புத்தகத்தில் ‘மீடிறன்’. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிகழ்வெண்’ என்று இருக்கும். நமக்கு மீடிறன்தான். ஆகவே உங்கள் அறிக்கை ‘முறைப்பாட்டு மீடிறன் பரம்பல்’. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் சொல்கிறேன், இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தினேஷ், பதுளை

அக்கா, நானும் டிஷ் வைத்திருக்கிறேன். மூன்று தடவை அழைத்தும் பழுது பார்க்க ஆள் வரவில்லை. நீங்கள் அனுப்பும் அறிக்கையில் என் பெயரும் வருமா? மூன்று தடவையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவீர்கள் என்றால் நான் கோபமாக இருக்கிறேன் என்பது மேலே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சிவா, தலவாக்கலை

தம்பி தினேஷ் தன் கதையைச் சொல்லப் போய் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கோமதியின் காணாமல் போன ரீலோட்.

கொழும்பில் ஒரு அழைப்பு மையத்தில் ஒன்பது வருடம் இதே வேலை பார்த்தேன். கோமதி, உங்கள் அறிக்கை எப்படித் தயாராகிறது என்று ஊகிக்கிறேன். வாரா வாரம் ஒருவர் அந்த வாரச் சுருக்கங்களை வாசித்து அரைப் பக்கம் எழுதுவார். மாத முடிவில் நான்கு அரைப் பக்கங்களை வைத்து ஒரு பக்கம் எழுதுவார்கள். சரிதானே?

அப்படியானால் குற்றம் அங்கேதான் இருக்கிறது. அரைப் பக்கம் எழுதுபவர் அந்த வாரம் கண்ணில் பட்ட பெரிய விடயங்களை மட்டும் எழுதுவார். வாரத்துக்கு மூன்று தடவை வருவது அவருக்குச் சிறிய விடயம். அதை விட்டுவிடுவார். நான்கு வாரமும் விட்டுவிடுவார்கள். மாதக் கணக்கில் பெரிதாக நிற்க வேண்டியது நான்கு பக்கத்திலும் இருக்காது. இல்லாததை ஐந்தாவது பக்கம் எங்கிருந்து எடுக்கும்? அதனால்தான் ‘சுருக்கங்களின் சுருக்கம்’ என்ற பெயரே பிழை. சுருக்கத்தைச் சுருக்கினால் எண்ணிக்கை சாகும். ‘பலர்’, ‘சிலர்’ என்ற சொற்கள் மட்டும் மிஞ்சும்.

செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு அழைப்புச் சுருக்கத்தையும் தனியாக எடுத்து, அதில் இருக்கும் பிரச்சினை எந்த வகை என்று ஒரு குறி இட வேண்டும். ஒரு சுருக்கத்தில் இரண்டு பிரச்சினை இருந்தால் இரண்டு குறி. பிறகு குறிகளை எண்ண வேண்டும். வாசிப்பது மனிதர் வேலை, எண்ணுவது விரிதாளின் வேலை. நம் பழைய ஆட்கள் ‘தொகை, வகை, விரி’ என்பார்கள். உங்களிடம் விரி இருக்கிறது, தொகை கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் வகையைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

மாஸ்டர் சொன்ன மீடிறன் கடைசிப் படிக்குச் சரி. ஆனால் வகைகள் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும்போதுதான் மீடிறன் எடுக்க முடியும். இங்கே சிரமம் முழுவதும் பிரிப்பதில்.

முத்தையா, மஸ்கெலியா

நான் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தினேஷ் தம்பி கேட்டதற்கு எங்கள் வரவுப் பதிவேடான செக்ரோலில் விடை இருக்கிறது.

வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு பேர் போடுவோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் ஒரு மலையில் 500 பேர் என்று கூட்டு வரும். அதைப் பார்த்துவிட்டு வெளியில் இருந்து வந்த ஒருவர், “அந்த மலையில் ஐந்நூறு தொழிலாளரா?” என்று என்னிடம் கேட்டதுண்டு. ஆள் இருபத்தைந்துக்கு மேல் இராது. பேர் வேறு, ஆள் வேறு. சம்பளத்துக்குப் பேர் வேண்டும். எத்தனை கம்பளி கொடுப்பது என்பதற்கு ஆள் வேண்டும். இரண்டையும் எழுதி வைத்தால் யாரும் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

கோமதி, ஹட்டன்

சிவா அண்ணா, நீங்கள் ஊகித்தது அச்சொட்டாகச் சரி. வாரப் பக்கத்தில் ஐந்து தடவைக்குக் குறைவாக வந்ததை எழுத வேண்டாம் என்பது எங்கள் வழக்கம்.

இரண்டு மாலை உட்கார்ந்து ஜூன் மாதத்தின் 240 சுருக்கங்களையும் மறுபடி வாசித்துக் குறி இட்டேன். மொத்தம் 271 பிரச்சினைகள். ‘ரீலோட் செய்தும் திறக்கவில்லை’ மட்டும் 38. வாரத்துக்கு ஒன்பது பத்து. ஆனால் நாங்கள் நால்வரும் அதை ஒரே மாதிரி எழுதவில்லை. ஒருவர் ‘ரீலோட் ஏறவில்லை’ என்கிறார், இன்னொருவர் ‘காசு கட்டியும் படம் இல்லை’ என்கிறார், நான் ‘கார்ட் இலக்கம் பிழை’ என்று எழுதியிருக்கிறேன். வாசித்தவருக்கு அவை மூன்று சிறு பிரச்சினைகளாகத் தெரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வாரத்துக்கு மூன்று. மூன்றும் வாசலிலேயே நின்றுவிட்டன.

முத்தையா ஐயாவின் பேர், ஆள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ‘படம் வரவில்லை’ 96 பேர், ஆனால் 61 வீடுகள்தான். ஒரே லயத்து வீட்டிலிருந்து ஏழு தடவை அழைத்திருக்கிறார்கள். ரீலோட் 38 பேர், 36 வீடுகள். படப் பிரச்சினையில் ஆட்கள் திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள், ரீலோட்டில் ஒரு தடவையில் தீர்ந்துவிடுகிறது. ஒற்றை எண் போட்டிருந்தால் இது தெரியாது.

வீட்டை எண்ணும்போது ஒரு குழியில் விழப் பார்த்தேன். தொலைபேசி இலக்கத்தை வைத்து எண்ணினேன். ரீலோட் 38 பேருக்குப் பதினொரு வீடு என்று வந்தது. பிறகுதான் உறைத்தது: தோட்டத்தில் பலருக்காகக் கடைக்காரரே அழைக்கிறார். ஒரு கடைத் தொலைபேசிக்குள் எட்டு வீடு. அதனால் ஒவ்வொரு வீட்டு டிஷ்ஷுக்கும் உரிய கார்ட் இலக்கத்தை வைத்து எண்ணினேன்.

‘மற்றவை’ என்ற பெட்டிதான் பயமுறுத்துகிறது. அதில் 61 கிடக்கிறது.

சிவா, தலவாக்கலை

271-இல் 61 என்றால் ஐந்தில் ஒன்றுக்கு மேல். பத்தில் ஒன்றைத் தாண்டினால் நான் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து வாசிப்பேன். உள்ளே பெயர் வைக்காத ஒரு வகை நிச்சயம் ஒளிந்திருக்கும். ஆனால் புது வகை சேர்த்தால் மே மாதத்தையும் அதே பட்டியலால் மறுபடி குறியிடுங்கள். இல்லையென்றால் அறிக்கையில் ஒரு கோடு போட்டு, பட்டியல் இங்கே மாறியது என்று எழுதுங்கள். பட்டியல் மாறியதால் குறைந்த எண்ணைப் பார்த்து, பிரச்சினை குறைந்துவிட்டது என்று பாராட்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். 30 சுருக்கங்களை எடுத்து, நீங்களும் இன்னொருவரும் பார்க்காமல் தனித்தனியாகக் குறியிடுங்கள். எத்தனையில் முரண்படுகிறீர்கள் என்று பாருங்கள்.

கோமதி, ஹட்டன்

பெட்டியைக் கவிழ்த்தேன். மின்வெட்டுக்குப் பிறகு டிஷ் பெட்டி இயங்காதது 17. அது இனித் தனி வகை.

முப்பதில் எட்டில் முரண்பட்டோம். எட்டில் ஏழு ஒரே இடத்தில்: ‘படம் உறைந்து நிற்கிறது’. எனக்கு அது மழை, பக்கத்து மேசைப் பிள்ளைக்கு டிஷ் திரும்பியது. கன மழையில் சமிக்ஞை மங்கும், மழை விட்டால் தானாக வரும். காற்றில் டிஷ் திரும்பினால் ஆள் ஏறித் திருப்பும் வரை வராது. “மழை விட்டதும் படம் வந்ததா?” என்ற ஒரு கேள்வியில் பிரிக்கலாம். ஆனால் அதை யாரும் கேட்டு எழுதவில்லை. எழுதாததை எந்தக் குறியாலும் பிறகு பிரிக்க முடியவில்லை. ஜூனுக்கு அந்த இரண்டையும் ஒரே வகையாகவே விட்டுவிட்டேன். ஜூலையிலிருந்து கேட்கிறோம்.

இராஜரத்தினம், பண்டாரவளை

ஊரையும் எழுதுங்கள். ஜூலையில் உங்கள் பக்கம் மழை கொட்டும். எங்கள் பக்கம் வானம் வெளுத்துக் காற்று மட்டும் அடிக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொய். மீடிறனை நான் இன்னும் கைவிடவில்லை.

ரேணுகா, நுவரெலியா

மாவட்டக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம் என்று தோன்றுகிறது. “வகைதொகை இல்லாமல் செலவழிக்கிறான்” என்று நாம் திட்டுகிறோமே, அதற்குள் சிவா சொன்ன இரண்டு படியும் அப்படியே இருக்கின்றன. வகை பிரித்தாயா, தொகை பார்த்தாயா என்பதுதான் அந்த ஏச்சு. கோமதியின் அறிக்கை ‘முறைப்பாட்டு வகைதொகை’. செய்யும் வேலை ‘வகைதொகை செய்தல்’. தனியே ‘முறைப்பாட்டுத் தொகை’ என்றால் யாருக்கோ நட்டஈடு கொடுக்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

இராஜரத்தினம், பண்டாரவளை

அழகான சொல்தான். ஆனால் உயர்தரம் படித்த பிள்ளைக்கு வகையிடல், தொகையிடல் என்றால் நுண்கணிதம். பாடம் நடத்தப் போகிறார்கள் என்று ஓடிவிடும். அதோடு, வகையும் தொகையும் என்றால் ‘வகைதொகை’. வகையின் தொகை என்றால் ‘வகைத்தொகை’. நடுவில் ஒற்று வருமா வராதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சிவா, தலவாக்கலை

ஒற்று இல்லாமல் இருக்கட்டும் மாஸ்டர். ‘வகைத்தொகை’ என்றால் வகைகளை யாரோ பிரித்துத் தந்துவிட்டார்கள், நாம் கூட்டினால் போதும் என்றாகிவிடும். இரண்டும் நம் வேலை.

முத்தையா, மஸ்கெலியா

நிரல் தலைப்பில் ‘பேர்’, ‘ஆள்’ என்றே போடுங்கள் பிள்ளை. தோட்டத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிராது.

கோமதி, ஹட்டன்

ஜூலை அறிக்கை நேற்றுப் போய்விட்டது. தலைப்பு ‘முறைப்பாட்டு வகைதொகை’, ஒற்று இல்லாமல். ‘பேர்’ என்ற நிரலை மேலதிகாரி வெட்டி ‘அழைப்புகள்’ என்று மாற்றினார். ஒரே அழைப்பில் இரண்டு பிரச்சினை இருந்தால் அந்தத் தலைப்பு பொய்யாகிவிடும் என்று சொன்னேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். தினேஷ் தம்பி, ‘ஆள் வரவில்லை’ என்ற வகையில் உங்கள் கார்ட் மூன்று பேர், ஒரு ஆள் என்று இருக்க வேண்டும். இலக்கத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள், சரிபார்த்துச் சொல்கிறேன்.