திட்டு ஆங்கிலத்தில் வந்தால் ஏன் அவ்வளவாகத் தைப்பதில்லை?

கயல்
கால் சென்டர் டீம்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையே சொன்னாலும் பையன்கள் மியூட் போட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்துவிடுகிறார்கள். தமிழில் ஒருவர் "உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?" என்று கேட்டால் போதும், ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? உங்கள் துறையில் பார்த்ததையும் எழுதுங்கள்.

தேவா
இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. ஆங்கிலத் திட்டோட முழு வீரியம் நமக்குப் புரியாது. மனசுக்குள்ள மொழிபெயர்த்துப் புரிஞ்சுக்கறதுக்குள்ள சூடு ஆறிடும். ஆங்கிலம் சரளமா வந்துட்டா இந்த வித்தியாசமே இருக்காது.

மாறன்
தேவா சொல்வதில் பாதி சரி. சரளம் ஒரு காரணம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துக் கணக்கு நேராகாது.

கயல், அளந்திருக்கிறார்கள். பலரும் எடுத்துக்காட்டுவது 2003-ல் வந்த ஆய்வு. பாஸ்டனில் கேத்தரின் ஹாரிஸும் சகாக்களும் செய்தது. துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு, 12 வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்ற 32 பேர். விரல்நுனியில் இரண்டு எலக்ட்ரோடு ஒட்டி, தோலின் மின்கடத்தலைப் பார்ப்பார்கள். மனம் பதறினால் உள்ளங்கையில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை ஊறும், கடத்தல் ஏறும். சொல் காதில் விழுந்து ஒன்று முதல் மூன்று நொடிக்குள் ஏற்றம் தொடங்கும். நாமே நினைத்து அதை எழுப்புவதோ அடக்குவதோ சுலபமில்லை. அதுதான் இந்த முறையின் பலம்.

சாதாரணச் சொற்கள், இனிய சொற்கள், கெட்ட வார்த்தைகள், குழந்தைகளை அதட்டும் வாக்கியங்கள் எல்லாவற்றையும் இரு மொழியிலும் கொடுத்தார்கள். கெட்ட வார்த்தைக்கு இரு மொழியிலுமே தோல் எகிறியது, தாய்மொழியில் கூடுதலாக. மொழிக்கு மொழி பெரிய இடைவெளி தெரிந்தது அதட்டலில்தான். "வெட்கமா இல்லை?" என்கிற மாதிரியான வாக்கியம் துருக்கியில் கேட்டால் ஏற்றம், ஆங்கிலத்தில் கேட்டால் கிட்டத்தட்டச் சாதாரணச் சொல் மாதிரி. வீட்டுப் பெரியவர் யாரோ தன்னை அதட்டுகிற குரலே காதில் கேட்டதாகச் சிலர் தாங்களாகவே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் பையன்கள் எழுந்து போவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். "எவன் வேலை குடுத்தான்" என்பது வசவைவிட அதட்டலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தேவாவுக்கு: 2010-ல் கிரேக்கம், ஆங்கிலம் பேசுவோரை வைத்து ஒரு சோதனை. கெட்ட வார்த்தையை வெவ்வேறு நிறத்தில் காட்டி, நிறத்தை மட்டும் குறிப்பிடச் சொன்னார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தடுமாறிய மாதிரியே கிரேக்கர்களும் ஆங்கிலச் சொல்லில் தடுமாறினார்கள். அர்த்தம் புரியாமலிருந்தால் தடுமாற்றமே வந்திருக்காது. ஆனால் தோல் எகிறியது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு மட்டும்தான். புரிந்தது, உடம்பு பதறவில்லை.

பினாங்கு சேகர்
எங்கள் பக்கம் இது பொருந்தவில்லையே. இங்கே நிறைய பேர் பாலர் பள்ளியிலிருந்தே ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் திட்டு வாங்கித்தான் வளர்கிறோம். எனக்கு ஆங்கிலத்தில் ஒருவர் குரல் உயர்த்தினாலும் தமிழில் உயர்த்தினாலும் ஒரே மாதிரி வயிறு கலங்கும். மலாய்தான் கொஞ்சம் லேசு.

மாறன்
பொருந்துகிறது சேகர். அதே ஹாரிஸ் 2004-ல் அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தவரைப் பார்த்தார். சிறு வயதிலேயே ஆங்கிலத்துக்குள் வந்தவர்களுக்கு இரண்டு மொழிக்கும் ஏறத்தாழ ஒரே எதிர்வினை. கொஞ்சம் தாமதமாக வந்தவர்களுக்குத் தாய்மொழி அதட்டல்தான் கூடுதலாகத் தைத்தது. எத்தனையாவது மொழி என்பதைவிட, எந்த வயதில், யார் வாயிலிருந்து கேட்டீர்கள் என்பதே கணக்கு. லண்டனில் தெவாலே என்கிற ஆய்வாளர் பன்மொழியாளர்களிடம் நடத்திய பெரிய வினாப்பட்டியலிலும், வகுப்பறையில் மட்டும் கற்ற மொழியின் வசவு, புழங்கிக் கற்ற மொழியின் வசவைவிட வலுக்குறைவாகவே உணரப்படுகிறது.

முத்துலட்சுமி
அப்ப பிள்ளைகளை இங்கிலீஷ்ல திட்டினா அதுங்க மனசு அவ்வளவா நோகாதா? என் மருமக அப்படித்தான் திட்டுறா, நல்லதுதானோன்னு தோணுது.

ராஜி (மனநல ஆலோசகர்)
அம்மா, அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. லேசாக இருப்பது மருமகளுக்கு, பேரப்பிள்ளைக்கு அல்ல. பன்னிரண்டு வயதுக்கு மேல் கற்ற மொழியென்றால் சொல்கிறவருக்கு அது கூசாது. அதனால் தமிழில் நாக்கில் வராத சொல்கூடச் சுலபமாக வந்துவிடும். குழந்தைக்கோ அம்மாவின் கோபக் குரலில் முதன்முதலாகக் கேட்கிற சொல் எதுவோ அதுதான் தைக்கும். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளையை இதே சோதனையில் உட்கார வைத்தால், ஆங்கில அதட்டலுக்குத்தான் விரல் வியர்க்கும்.

ஆலோசனை அறையிலும் இதே சங்கதி உண்டு. தமிழில் பேசிக்கொண்டே வருபவர், அப்பா சொன்ன ஒரு வாக்கியம் வரும்போது சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவார். முகம் மாறாது, குரல் மாறாது, அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்வோம், உடனே தமிழுக்கு இழுப்பதில்லை. அவர் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு, "அப்பா அதை எப்படிச் சொன்னார், அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள்" என்று கேட்போம். அவசரப்பட்டுக் கேட்டால் அடுத்த வாரம் ஆளே வரமாட்டார்.

கயல்
மாறன், தமிழ், ஆங்கிலம் வைத்து எங்கள் டீமில் சின்ன அளவில் செய்து பார்க்க முடியுமா? கருவி வாடகைக்குக் கிடைக்கிறது.

மாறன்
முடியும். ஆனால் தமிழில் இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று, வாக்கியத்தைத் திரையில் காட்டாதீர்கள். "உனக்கு வெட்கமாக இல்லையா" என்று எழுத்தில் வந்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், தோல் அசையாது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "வெக்கமா இல்ல ஒனக்கு?" என்று பேச்சில் பதிவு செய்து கேட்கவிடுங்கள். அதிலும் நெல்லைப் பையனுக்குக் கோவை அதட்டல் வேலை செய்யுமா என்று யோசிக்க வேண்டும். இரு மொழிக்கும் ஒரே குரல், ஒரே சத்தம்.

இரண்டு, ஆங்கிலப் பட்டியல். இடியட், நான்சென்ஸ், கெட் அவுட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் ஆங்கிலம் தெரியாத தாத்தாவே இவற்றால்தான் திட்டியிருப்பார். அவை நமக்கு இரண்டாம் மொழிச் சொற்களே அல்ல. பட்டியலில் விட்டால் வித்தியாசம் மழுங்கிப்போகும், காரணமும் பிடிபடாது.

மற்றபடி, ஒரு வாக்கியத்துக்குப் பிறகு கருவி காட்டும் கோடு பழைய மட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் பழகிவிடும். இருமல், பெருமூச்சு, நாற்காலியில் அசைவது எல்லாமே ஏற்றம் காட்டும், பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஆபீஸ் ஏசி குளிரில் கை வறண்டு கோடு தட்டையாகக் கிடந்தால் அறையை மாற்றுங்கள். சிலருக்கு எதற்குமே கோடு அசையாது, அவர்களைத் தனியே வையுங்கள்.

தேவா
சரி, சரளம் மட்டும் காரணம் இல்லைன்னு ஒத்துக்கறேன். ஆனா மேனேஜர் ஆங்கிலத்துல ஒரே வரி மெயில் அனுப்பினா ராத்திரி பூரா தூக்கம் வராதே, அது எந்தக் கணக்கு?

ராஜி
அந்த மூன்று நொடி அளவில் அது சிக்காது தேவா. அங்கே சொல் தைக்கவில்லை, வேலை போய்விடுமோ என்கிற பயம் தைக்கிறது; அதற்கு எந்த மொழியாக இருந்தாலும் ஒன்றுதான் என்பது என் கருத்து. மாறன் ஒப்புக்கொள்வாரா தெரியவில்லை.

மாறன்
முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே மிரட்டலைத் தமிழில் அனுப்பினால் தூக்கம் இன்னும் கெடும் என்றே நினைக்கிறேன். கயல், உங்கள் சோதனையில் மறுநாள் காலையில் "எந்த வாக்கியம் இன்னும் ஞாபகத்தில் ஓடுகிறது?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.