புதுப்பிப்பு: சென்னை வீட்டு விற்பனையும் வரிப்பிடித்தமும்

“பத்தாண்டு வைத்திருந்த சென்னை வீட்டை 2024 அக்டோபரில் 60 இலட்சம் ரூபாய்க்கு விற்றேன். வாங்கியவர் 60,000 ரூபாய் வரி பிடித்ததாகக் கடிதமும் வரி கட்டியதற்கான 26QB சலானும் அனுப்பியுள்ளார். பினாங்கில் வசிக்கும் எனக்கு இது போதுமா?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

போதாது. என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26AS அறிக்கையில் தொகை ஏறினால் சரி என்று அண்ணன் கூறியது பாதியே உண்மை. தொகை ஏறியிருந்தது, பிடித்த முறைதான் தவறு. கோலாலம்பூர் நண்பர் தம் அனுபவமாகச் சொன்ன 3 விழுக்காட்டுப் பிடித்தம், மலேசியச் சொத்து இலாப வரிக்குரியது.

சென்னைத் தணிக்கையாளர் விளக்கியபடி, விற்பவர் வெளிநாட்டுவாசி என்பதாலும் குறைந்த பிடித்தத்திற்கான சான்றிதழை நான் பெறாததாலும், வாங்குபவர் வரி பிடிப்போருக்கான டான் எண் எடுத்து, இலாபத்தில் அன்றி முழு விலையிலும் 14.3 விழுக்காடு, அதாவது 8,58,000 ரூபாய் பிடித்து, நவம்பர் 7க்குள் செலுத்தியிருக்க வேண்டும்.

இறுதித் தவணையில் அதைப் பிடித்து, தாமத வட்டியைத் தாமே ஏற்று, புதிய சலானை இணைத்து வாங்கியவர் மறுகடிதம் அனுப்பியது பெரிய நிம்மதி. காலாண்டு அறிக்கைக்குப் பின்னரே வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் கிடைக்கும். முதலில் கட்டிய 60,000 ரூபாய் குறித்து இன்னும் முடிவாகவில்லை.