இரவு 8 மணிக்கு மேல் ஜிம்: டிராப் செட்டா, ரெஸ்ட் பாஸா?

சத்துவாச்சாரி அன்பர்

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. பஸ் இறங்கி ஜிம்முக்குள் நுழைய இரவு 8 மணி ஆகிவிடுகிறது. 9 மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். வழக்கப்படி மூன்று செட், நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு என்றால் ஒரு பயிற்சிக்கே 7 நிமிடம் போய்விடும். அதனால் டம்பெல் பிரஸ்ஸில் டிராப் செட் தொடங்கினேன். 20 கிலோவில் 10 முறை, உடனே 15 கிலோவில் 7, உடனே 10 கிலோவில் 8. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆனால் அது கூட்ட நேரம். 20 கிலோவைக் கீழே வைத்துத் திரும்பினால் 15 கிலோ ஜோடி வேறொருவர் கையில் இருக்கும். அவர் முடிக்கும்வரை காத்திருந்தால் அது டிராப் செட்டே அல்ல. இப்போது ரெஸ்ட் பாஸுக்கு மாறிவிட்டேன். அதே 20 கிலோவில் 10 முறை. டம்பெல்லைத் தொடைமேல் நிறுத்தி 20 நொடி மூச்சு வாங்கி 4. மறுபடி 20 நொடி, பிறகு 3. ஒரே ஜோடி போதும்.

ஆரணி அன்பர்

டிராப் செட்டில் வரும் எரிச்சல்தான் தசை வளர்வதற்கு அடையாளம். ஸ்குவாட்டிலும் அதையே செய்தேன்: 80 கிலோ, 60, 40. இரண்டாம் வாரம், இலேசுதானே என்று நினைத்த 40 கிலோவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

குடியாத்தம் அன்பர்

எரிச்சலை நம்பாதீர்கள். இனி ஒன்றிரண்டுதான் தூக்க முடியும் என்ற நிலைவரை போகிறோமா என்பதே கணக்கு. அப்படிப் போனால் மூன்று வழியிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவுதான் வளர்கிறது, மிச்சமாவது நேரம். உங்களுக்குத் தொடை ஓய்வதற்கு முன்பே முதுகு ஓய்ந்திருக்கும். ஸ்குவாட்டை 3 நிமிட ஓய்வுடன் தனித்தனி செட்டாகவே செய்யுங்கள். பலம் கூடுவதற்கும் அதுவே நல்லது. டிராப் செட்டை லெக் எக்ஸ்டென்ஷன் போன்ற மெஷினில், அதுவும் கடைசியில் வையுங்கள்.

சத்துவாச்சாரிக்காரர் முதல் செட்டைக் கவனிக்கட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து 10 என்பது 8 ஆனால், உடல் தேறவில்லை என்று பொருள்.

ஆம்பூர் சகோதரி

ரெஸ்ட் பாஸ் என்றால் நாள் விட்டு நாள் ஓய்வு என்று நினைத்து மூன்று மாதம் அப்படியே செய்தேன்! என் வீட்டில் 5 கிலோ ஜோடி ஒன்றுதான். 25 முறை தூக்கிவிடுகிறேன். இதில் 20 நொடிக் கணக்கு பலிக்குமா?

குடியாத்தம் அன்பர்

பலிக்கும் சகோதரி. கடைசி மூன்று நான்கு முறை கை நடுங்க வேண்டும், அவ்வளவுதான். இறக்கும்போது மூன்று எண்ணி இறக்குங்கள்.

சத்துவாச்சாரி அன்பர்

போன வாரத்திலிருந்து என் 10 முறை 9 ஆகியிருக்கிறது. மின்விசிறி எட்டாத மூலையில் இந்தக் கத்திரி வெயில் காலத்துப் புழுக்கமா, ரெஸ்ட் பாஸா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த இரண்டு வாரம் டம்பெல் பிரஸ்ஸை மட்டும் பழையபடி மூன்று செட்டாகச் செய்து பார்க்கிறேன்.